சைக்கிளை விட்ட வயது

ஈப்போவில் நரம்பியல் மருத்துவனாக நான் பணியாற்றிய காலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்தும் கோப்பேங்கிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் வந்த தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளியைக் காகிதத்தில் வரைந்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர்க்குக் கறுப்பு, காலமானவர்க்குக் குறுக்கே ஒரு கோடு என்று உலகெங்கும் வழங்கும் முறைதான் அது. எனினும் தோட்டத்துக் குடும்பம் ஒன்றில் அந்தச் சதுரங்களையும் வட்டங்களையும் உரிய இடத்தில் வைத்து முடிப்பதற்குள் ஒரு பிற்பகல் முழுவதும் கழிந்துவிடும். ஒரே லயத்தில் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவரைப் பெரியப்பா என்றும், ஒரே கப்பலில் வந்திறங்கியவரை மாமா என்றும் அழைத்து, அந்த உறவுகளையே பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த மக்கள் அவர்கள். ஆகவே, “எங்க பெரியப்பாவுக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு டாக்டர்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பெரியப்பா தகப்பனாரோடு ஒரே வயிற்றில் பிறந்தவரா என்று கேட்டுத் தெளியாமல் நான் கறுப்பு மையைத் தொடுவதில்லை. பரம்பரை நோயைப் பற்றிய அனுமானங்கள் பல, இந்த ஒரு கேள்வியைக் கேட்காததனாலேயே பிழைபட்டுப் போகின்றன.

அப்படி வரைந்த வம்சாவளிகளுள் ஒன்றைப் பற்றியே இங்கே எழுத முற்படுகிறேன். குடும்பத்தாரின் சம்மதம் எனக்கு உண்டு. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் மறைத்தும் இருக்கிறேன்.

அவர்களைப் பீடித்த நோய் சிறுமூளைத் தள்ளாட்ட நோய்களில் முதலாம் வகை எனப்படுவது. நடுத்தர வயதில், ஒரு காரணமுமின்றி, நடையில் ஒரு சிறு தடுமாற்றமாக அது தொடங்கும். இருட்டில் நடக்கும்போதும், படி இறங்கும்போதும், சட்டென்று திரும்பும்போதும் உடல் ஒரு பக்கம் சாயும். பிறகு பேச்சு குழறி, ஒவ்வோர் அசையும் தனித்தனியே வந்து விழும். கை ஒரு பொருளை எட்டும்போது குறி தப்பி அப்பால் செல்லும். கடைசியில் விழுங்குவதே சிரமமாகி, உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழலுக்குள் இறங்கி, நோயாளி பெரும்பாலும் நுரையீரல் அழற்சியினால் இறப்பார். நோய் தோன்றிய பத்து, பதினைந்து ஆண்டுகளில் இந்த முடிவு வருவது சாதாரணம். இன்னும் நீண்ட காலம் வாழ்ந்தவர்களும் உண்டு. அறிவு வெகுகாலம் தெளிவாகவே இருப்பதால், தனக்கு நேர்வது இன்னதென்பதை நோயாளி அனைவரிலும் நன்றாக அறிந்திருப்பார்.

கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருந்த அந்த நாட்களில், தள்ளாடி நடக்கும் ஒரு கூலிக்காரனைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தின் பாட்டனார் வாழ்நாளில் மதுவைத் தொடாதவர். அவரை மண்டோர் குடிகாரன் என்று பெரட்டில் நிற்கவைத்துத் திட்டியதும், பிறகு வேலையிலிருந்து நிறுத்தியதும் பல்லாண்டுகளுக்குப் பிறகும் அந்த வீட்டில் ஆறாத புண்ணாக இருந்தன. மருத்துவனுக்கும் இந்தச் சம்சயம் வரக்கூடியதே. மிகையான மதுவும் சிறுமூளையைக் கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் கேடு பெரும்பாலும் கால்களிலும் நடையிலும் நிற்கும். முழங்கால் தட்டும்போது எழும் அனிச்சை அசைவு குன்றியிருக்கும். முதலாம் வகைத் தள்ளாட்ட நோயிலோ தொடக்கத்தில் அந்த அசைவு மிகுந்து, கால் துள்ளும். கண்ணும் நமக்குச் சாட்சி சொல்லும். என் மூக்கைப் பார், இப்போது இந்தப் பேனாவைப் பார் என்று மாற்றி மாற்றிச் சொன்னால், ஆரோக்கியமான கண் ஒரே தாவலில் இலக்கை அடைவதை நாம் காணக்கூட முடியாது. இந்நோய் முதிர்ந்தவரின் கண்ணோ நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஊர்ந்து போகும். ஒரு பேனாவும் சற்றுப் பொறுமையும் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

அந்தக் குடும்பம் என்னிடம் வந்தது மூன்றாம் தலைமுறையின் மூலமாக. இருபத்தேழு வயதான மகனைத் தாயார் அழைத்து வந்திருந்தார். வாசலுக்கும் ஆசனத்துக்கும் இடையே இரண்டடி நடப்பதற்குள் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் வாய் திறப்பதற்கு முன்பே, “தம்பி, இவன் ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. இவங்க அப்பாவும் வச்சதில்ல, தாத்தாவும் வச்சதில்ல. நீங்களும் அதையே கேக்காதீங்க” என்றார் அந்த அம்மாள். தகப்பனார் புந்தோங்கில் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பாட்டனார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. மூன்று தலைமுறையிலும் நோய் ஒன்றே. வயது மட்டும் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. பாட்டனாருக்கு ஐம்பதுக்கு மேல், தகப்பனாருக்கு நாற்பதை ஒட்டி, மகனுக்கு இருபத்து நான்கில் என்று அந்த அம்மாள் விரல் மடக்கிச் சொன்னார்.

தலைமுறைக்குத் தலைமுறை நோய் முந்திக்கொண்டு வருவதாகக் குடும்பத்தார் சொல்வதை மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பவில்லை. நம்பாததற்குத் தக்க நியாயமும் இருந்தது. 1918-இல் ஃப்ளைஷர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், தசைகள் இறுகித் தளராமல் மெலியும் ஒருவகைப் பரம்பரை நோயில், மூத்த தலைமுறையினருக்குக் கண்புரை மட்டும் இருந்ததையும், அவர்களுடைய சந்ததியாருக்கு முழு நோயும் வந்ததையும் எடுத்துக்காட்டினார். 1948-இல் லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கிலேய மரபியல் அறிஞர் இதை ஆராய்ந்து, இது பார்க்கிறவரின் தேர்வினால் உண்டாகும் மயக்கமே என்று தீர்ப்புக் கூறினார். இளமையிலேயே கடுமையான நோய் கண்டவன் பிள்ளை பெறும் வயதை எட்டுவது அரிது. ஆகவே நம் கணக்கில் தகப்பனாக வருகிறவன் எப்போதும் தாமதமாக நோய் கண்டவனே. மகனோ, சீக்கிரமே நோய் கண்டதனால் மருத்துவமனைக்கு வந்து நம் கணக்கில் புகுந்தவன். இப்படிப்பட்ட ஜோடிகளை மட்டும் சேர்த்துவைத்துப் பார்த்தால், முந்துதல் இல்லாத இடத்திலும் அது தென்படத்தானே செய்யும்? பென்ரோஸ் பெரிய அறிஞர். அவர் வாதமும் குற்றமற்ற வாதம். அதன் நிழலில் நாற்பதாண்டுகளுக்கு மேல் இந்த விஷயம் உறங்கிற்று.

அந்த எச்சரிக்கையை நான் இன்றும் மதிக்கிறேன். பாட்டனாரின் நோய் எப்போது தொடங்கிற்று என்று கேட்டால், அவர் வேலையை இழந்த நாளைச் சொல்வார்கள். தகப்பனாருக்குக் கேட்டால், பேச்சுக் குழறி டாக்டரிடம் போன நாளைச் சொல்வார்கள். மகன் விஷயத்திலோ, ஏற்கெனவே இரண்டு பேரைக் கண்ட தாயின் கண் முதல் தடுமாற்றத்தையே பிடித்துவிடும். அளவுகோல் மூன்று, ஆகவே வரும் வயதுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது வீண். மூவருக்கும் பொதுவான ஓர் அடையாளத்தைத் தேடிய நான், கடைசியில் இரண்டு சக்கர வாகனத்தில் வந்து நின்றேன். தோட்டத்தில் வேலைக்காட்டுக்குச் சைக்கிளில் போகாதவர் கிடையாது. செம்மண் பாதையில், பின்னால் வாளியைக் கட்டிக்கொண்டு மிதிப்பதற்கு நல்ல சமநிலை வேண்டும். சிறுமூளை தளரத் தொடங்கியவர் மற்றெல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு போனாலும், சைக்கிளை ஓரிரு விழுகைக்குப் பிறகு தானாகவே விட்டுவிடுவார். அது எந்த வருஷம் என்பதும் வீட்டில் நினைவிருக்கும். ஏனென்றால் அந்த வருஷத்திலிருந்து அவரை இன்னொருவர் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இந்தக் கேள்வியை வைத்து மீண்டும் கணக்கெடுத்தபோது, பாட்டனார் சைக்கிளை விட்டது ஐம்பத்திரண்டாம் வயதில். அதற்கு முன்பே அவருடைய நிரையில் மரங்கள் காயப்பட்டிருந்தன என்பதைப் பாட்டியார் நினைவுகூர்ந்தார். ரப்பர் மரத்தைச் சீவுகிறவர், பட்டையை மெல்லிய சீவலாக எடுத்து, பால் ஊறும் அடுக்கை எட்டி, அதற்கடுத்த உயிர்ப்படலத்தைத் தொடாமல் கத்தியை நிறுத்த வேண்டும். தொட்டால் மரத்தில் முண்டு விழுந்து, அந்தப் பக்கம் பிறகு சீவுவதற்கு உதவாது. பல்லாண்டு காயமில்லாமல் சீவிய கை, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிப் போகத் தொடங்கியதைப் பட்டையே பதிந்து வைத்திருந்தது. அந்தப் பதிவை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. தகப்பனார், தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்ட பிறகு ஈப்போவுக்கு வந்து ஜாகா வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தவர். அவர் அதை விட்டது முப்பத்தொன்பதில். மகன் மோட்டார் சைக்கிளை விட்டது இருபத்து நான்கில். தகப்பனாரின் தங்கை ஒருவர் இருந்தார். தாயாரின் கணக்கில் அவர் வரவேயில்லை, ஏனெனில் அவருடைய நோயை எல்லோரும் மூட்டுவலி என்றே எண்ணியிருந்தனர். அவரையும் வரவழைத்துப் பார்த்தேன். அவர் சைக்கிளை விட்டது நாற்பத்தைந்தில். ஒரே அளவுகோலால் அளந்த பின்னும் வயது இறங்கியே வந்தது.

எதனால் இறங்குகிறது என்பதற்கு விடை 1993-இல் கிடைத்தது. அமெரிக்காவில் மினசோட்டாவில் ஹாரி ஆரும், ஹூஸ்டனில் ஹூடா ஸோக்பியும் தனித்தனிக் குழுக்களாகவும், பின்னர் கைகோத்தும், ஆறாவது குரோமோசோமில் இந்நோயின் மரபணுவைத் தேடிவந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் இருவருடைய ஆய்வகங்களும் ஒரே நாளில் அதைக் கண்டன. அட்டாக்சின்-ஒன்று என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவில், சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி உண்டு. அது எல்லோரிடமும் உள்ளதே. ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலும் முப்பது தடவையை ஒட்டி வரும். நோயுற்றவர்களில் அது நாற்பது, ஐம்பது, அறுபது என்று நீண்டுகிடக்கிறது. ஒவ்வொரு சிஏஜியும் புரதத்தில் ஒரு குளூட்டமின் ஆகிறது. குளூட்டமின் சங்கிலி நீளநீள, அந்தப் புரதம் சிறுமூளையின் புர்கிஞ்சி அணுக்களுக்குள் தகாத விதமாகத் தங்கி, பல்லாண்டுகளில் அவற்றை அழிக்கிறது. சங்கிலி எவ்வளவு நீளமோ, அவ்வளவு சீக்கிரம் நோய்.

நீளம் கூடிக்கொண்டே போவதற்குக் காரணமும் அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது. ஆரோக்கியமானவரின் தொடர், சாதாரணமாக இப்படி அமைந்திருக்கும்:

```
(CAG)12 CAT CAG CAT (CAG)15
```

மொத்தம் முப்பது மூன்றெழுத்துகள். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் ஜிக்குப் பதிலாக டி. அந்த இரண்டு எழுத்து வேறுபாடு அற்பமாகத் தோன்றும். தலைமுறைகளைக் காப்பாற்றுவது அதுவே. ஒரே சொல்லை ஓயாமல் எழுதும் நகலெடுப்பவர் எண்ணிக்கையைத் தவறவிடுவதுபோல, அணுவில் டிஎன்ஏ நகலாகும்போதும் பழுதுபார்க்கப்படும்போதும், இடையறாத சிஏஜி வரிசையில் இரு இழைகளும் வழுக்கிப் பிசகி, ஒரு சுருக்கு விழுந்து, சில மூன்றெழுத்துகள் கூடிவிடுகின்றன. இடையில் நிற்கும் சிஏடி அந்த வழுக்கலைத் தடுத்து நிறுத்துகிறது. 1993-லேயே மிங்-யி சுங் முதலியோர், நீளாத மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் இந்த இடைநிறுத்தம் இருப்பதையும், தாங்கள் பார்த்த நீண்ட மரபணுக்கள் அனைத்திலும் அது இல்லாதிருப்பதையும் காட்டினர். எங்கோ ஒரு முன்னோரின் மரபணுவில் அந்தச் சிஏடி கெட்டுப்போய்ச் சிஏஜியாக மாறியதனால்தான், அவருடைய வம்சத்தில் கதவு திறந்துகொண்டது.

ஈப்போவில் நாங்கள் செய்ததெல்லாம், ஊதா மூடியிட்ட குழாயில் ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பியதுதான். ஆனால் அறிக்கையை வாசிக்கிறவன் அது எப்படி எண்ணப்பட்டது என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதால், ஆய்வகத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்றெழுத்துகளை ஒருவரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அந்தப் பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து, ஒளிரும் சாயம் பூசி, முடி போன்ற மெல்லிய குழாயில் மின்சாரத்தால் ஓடவிட்டு, எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பதிலிருந்து நீளத்தைக் கணிக்கிறார்கள். இரு புறமும் உள்ள மாறாத எழுத்துகளைக் கழித்தபின் நூற்றைம்பத்து மூன்று எழுத்து மிஞ்சினால், மூன்றால் வகுத்து ஐம்பத்தொன்று. அந்த நகலெடுப்பும் வழுக்கக்கூடியதே; ஆதலால் திரையில் ஒரே சிகரம் தோன்றாமல், பெரிய சிகரத்துக்குப் பக்கத்தில் சிறு சிகரங்கள் வரிசையாகப் படியிறங்கி நிற்கும். பெரியதை எண்ணாகக் கொள்கிறோம். ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். ஐம்பதில் இந்தப் பிழை ஒன்றும் செய்யாது. எல்லைக்கோட்டில் அதே பிழை ஒருவரின் வாழ்க்கையைப் பற்றியதாகிவிடும்.

அந்தக் குடும்பத்தின் எண்கள் வந்தன. ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு மரபணு உண்டாகையால், இரண்டு எண்கள். தகப்பனாருக்கு 30, 51. அவர் தங்கைக்கு 29, 47. மகனுக்கு 28, 60. பாட்டனாரின் எண்ணை அறிய வழியில்லை. அவர் எரியூட்டப்பட்டு வெகுகாலம் ஆகிறது. ஐம்பத்திரண்டில் சைக்கிளை விட்டவரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஐம்பத்தொன்றும் நாற்பத்தேழும் வந்திருப்பதால், அவருடையது நாற்பதுகளின் நடுவில் இருந்திருக்கும் என்பது என் அனுமானம். அனுமானத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை என்பதால், வம்சாவளியில் அவருடைய சதுரத்தின் கீழ் எண் எழுதவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஐம்பத்தொன்றிலிருந்து அறுபதுக்கு ஒரே தலைமுறையில் நிகழ்ந்த தாவல். அது தகப்பன் வழியாக வந்தது. சுங் முதலியோரின் அதே ஆராய்ச்சியில், தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் சென்றபோது நூற்றுக்கு அறுபத்து மூன்றில் எண்ணிக்கை கூடியிருந்தது. தாயிடமிருந்து சென்றபோது நூற்றுக்கு அறுபத்தொன்பதில் அது மாறாமலோ குறைந்தோ இருந்தது. விந்தணுக்களை உண்டாக்கும் அணுக்கள் ஆயுள் முழுவதும் பிரிந்து பெருகிக்கொண்டே இருப்பதும் கருமுட்டை அப்படிப் பெருகாததும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அத்தையின் மகன், நான் பார்த்தபோது நாற்பத்தொரு வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர், தாமாகவே விரும்பிச் சோதித்துக்கொண்டார். அவருக்குத் தாயின் நாற்பத்தேழு அப்படியே வந்திருந்தது. ஒரே பாட்டனாரின் இரு பேரர்கள்: மகன் வழிப் பேரனுக்கு அறுபது, மகள் வழிப் பேரனுக்கு நாற்பத்தேழு. ஒருவன் இருபத்தேழில் சுவரைப் பிடித்து நடக்கிறான். மற்றவர் அவனைத் தம் மோட்டார் சைக்கிளின் பின்னே உட்கார்த்திக் கொண்டுவந்தார்.

எந்தப் பெற்றோர் வழியாக நீளும் என்பது நோய்க்கு நோய் மாறும். ஹண்டிங்டன் நோயிலும் இளமையிலேயே வரும் கடும் வடிவம் பெரும்பாலும் தகப்பன் வழியாகத்தான். ஃப்ளைஷர் கண்ட தசைநோயிலோ, ஆயிரத்துக்கு மேல் நீண்ட தொடரோடு, பிறக்கும்போதே மூச்சுவிடத் திணறிப் பிறக்கும் குழந்தைக்கு அது அநேகமாக எப்போதும் தாய் வழியாகவே வந்திருக்கும். அந்தத் தசைநோயின் மரபணு 1992-இல் பிடிபட்டபோதுதான் பென்ரோஸின் தீர்ப்பு மாற்றி எழுதப்பட்டது. குடும்பத்தார் காலங்காலமாகச் சொல்லிவந்தது பிரத்தியட்சமாயிற்று. ஒரு நோயில் கற்ற விதியை இன்னொரு நோய்க்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லி, எங்கள் குடும்பத்துக்குத் திரும்புகிறேன்.

மகனுக்கு ஒரு தமக்கை இருந்தாள். கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தனக்கு உண்டா இல்லையா என்பதை அறிந்த பிறகே சம்மதம் சொல்வேன் என்று அவள் உறுதியாக இருந்தாள். நோய்க்குறி இல்லாத ஒருவரின் ரத்தத்தை இந்தச் சோதனைக்கு அனுப்புவது சாதாரணக் காரியமன்று. இரண்டு, மூன்று முறை வரச் சொல்லி, இடைவெளி விட்டு, முடிவு எதுவானாலும் மறுநாள் என்ன செய்வாய் என்று பேசிய பிறகே நான் எடுப்பது. அவளுடைய முடிவு வந்தது: 30, 39.

முப்பத்தொன்பது என்ற அந்த எண்ணைக் கண்ட எந்த மருத்துவனும் திடுக்கிடுவான். ஏனெனில் இடைநிறுத்தமற்ற முப்பத்தொன்பதிலிருந்து நோய் தொடங்குகிறது என்பதே நூல் கூறும் எல்லை. தகப்பனின் ஐம்பத்தொன்று மகளிடம் வரும்போது சுருங்கி முப்பத்தொன்பதாகிவிட்டதோ என்று எண்ண இடமுண்டு. ஆனால் நூல் கூறும் விதியில் இன்னொரு பாதியும் உண்டு: இடையில் சிஏடி நின்றால், நாற்பத்து நான்கு வரை நீண்டிருந்தாலும் அது நோயற்ற மரபணுவே. நீளத்தை மட்டும் அளக்கும் சோதனைக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அதற்கு வேறொரு வழி இருக்கிறது. சிஏஜி, சிஏடி, சிஏஜி என்று அடுத்தடுத்து வரும் இடத்தில் உண்டாகும் ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சேர்க்கையைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதி ஒன்று உண்டு. நகலெடுத்த துண்டோடு அதைச் சேர்த்து வைத்தால், சிஏடி உள்ள துண்டு வெட்டுப்பட்டுச் சிறு துண்டுகளாகும். சுத்தச் சிஏஜித் தொடர் முழுதாகவே நிற்கும். தகப்பனின் ஐம்பத்தொன்றை அதோடு சேர்த்தபோது அது வெட்டுப்படாமல் நின்றது. மகளின் முப்பத்தொன்பது வெட்டுப்பட்டது.

அத்துடன் நான் நிறுத்தவில்லை. அந்த முப்பத்தொன்பது தகப்பனிடமிருந்து வந்ததல்ல என்றால் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். தாயாரின் ரத்தத்தையும் அவர் சம்மதத்தோடு அனுப்பினோம்: 28, 39, அந்த முப்பத்தொன்பதும் வெட்டுப்பட்டது. மகள் தகப்பனிடமிருந்து பெற்றது அவருடைய ஆரோக்கியமான முப்பதை. நோய் அவளைத் தொடவில்லை, அவளுடைய பிள்ளைகளையும் தொடாது. நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு அவளை அழைத்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கும்போது, இடைநிறுத்தம் உண்டா இல்லையா என்ற வரி இல்லாத அறிக்கையை எல்லைக்கோட்டில் எவரும் ஏற்கக்கூடாது என்று என்னிடம் பயின்ற இளைஞர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லிவந்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

எண் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது அடுத்த கேள்வி. அத்தையின் மகன் தம் நாற்பத்தேழைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு எந்த வயசுல டாக்டர்?” என்றுதான் கேட்டார். தொடரின் நீளம், நோய் தோன்றும் வயதின் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விளக்குகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டின. மருத்துவத்தில் இது மிகப் பெரிய பங்கு. மற்ற மூன்றில் ஒரு பங்கு வேறு மரபணுக்களிலும் நாம் அறியாத காரணங்களிலும் கிடக்கிறது. நூறு பேரின் எண்களைத் தந்தால், யார் யாருக்கு முன்னதாக நோய் வரும் என்று அநேகமாகச் சரியாக வரிசைப்படுத்தலாம். ஒருவரின் எண்ணைத் தந்து ஆண்டைக் கேட்டால் சொல்ல முடியாது; ஒரே எண்ணுடைய இருவருக்கிடையே பத்தாண்டு, சில வேளை அதற்கும் மேல், வித்தியாசம் வந்துவிடும். அத்தைக்கு நாற்பத்தைந்தில் வந்ததனால் மகனுக்கும் நாற்பத்தைந்தில் என்று கணக்குப் போட அவர் முனைந்தார். அந்தக் காகிதத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். தொடங்கிய பிறகு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதிலும் நீளத்துக்குப் பங்குண்டு. ஆயினும் தொடங்கும் வயதில் காணும் அளவுக்கு அந்தத் தொடர்பு இறுக்கமானதன்று. நடை, பேச்சு, விரல், குதிகால் என்று எட்டு வகையில் மதிப்பிட்டு நாற்பதுக்கு மதிப்பெண் இடும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. முதலாம் வகையில் ஆண்டுக்குச் சராசரி இரண்டு மதிப்பெண் ஏறும். அடிக்கடி காணும் பரம்பரைத் தள்ளாட்ட நோய்களில் இதுவே மிக விரைந்து ஏறுவதாகும். இளைஞனுக்கு அது அதைவிடவும் விரைவாக ஏறியது. ஒவ்வொரு வருகையிலும் நான் அதை எழுதி வைத்தேன்.

மருந்தென்று கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. நடைப்பயிற்சியை விடாமல் செய்தவர்கள் சிலகாலம் அதிகமாக நடந்தார்கள் என்பது உண்மை. அதைவிடப் பயன் தந்தது, தாயார் கஞ்சியின் பதத்தைக் கற்றுக்கொண்டது. தண்ணீராக ஓடும் எதுவும் விழுங்கும்போது மூச்சுக்குழலுக்குள் நழுவும். கெட்டியாகக் குழைத்ததை, முகவாயைத் தாழ்த்திக்கொண்டு, சிறுசிறு கவளமாக விழுங்கினால் அபாயம் குறையும். தேநீரைக்கூட அவர் அரிசி மாவிட்டுக் கெட்டியாக்கிக் கொடுத்தார். தகப்பனார் படுக்கையில் விழுந்த பிறகும் பல ஆண்டு மார்ச்சளி இல்லாமல் இருந்தது அந்த அம்மாளின் கையால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாட்டனார் சிறுவனாக ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர். இந்திய அரசு 1938-இல் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியதற்கு முன்பே வந்துவிட்டவர். ஊர் வட ஆற்காட்டில் என்பது மட்டும் வீட்டில் தெரியும். 2005-இல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள், ‘நியூராலஜி இந்தியா’ என்ற சஞ்சிகையில், தமிழ்நாட்டில் தமக்குள்ளேயே மணஉறவு கொள்ளும் ஒரு சமூகத்தாரிடையே இந்த முதலாம் வகை மிக அதிகமாகக் காணப்படுவதை வெளியிட்டபோது, அதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தக் குடும்பம் அந்தச் சமூகத்தைச் சேர்ந்ததென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை; அதை நான் தேடவும் இல்லை. ஆனால் ஒரு கங்காணி ஒரே ஊரில், ஒரே உறவுக் கூட்டத்தில் ஆள் சேர்த்துக் கொண்டுவந்து, ஒரே தோட்டத்தில் இறக்கிய முறையை அறிந்தவன், பேராக்கில் சைக்கிளை விட்டவர்களை மண்டோர்கள் குடிகாரர் பட்டியலில் எழுதிவைத்த தோட்டங்கள் இன்னும் சில இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியாது. அதனால், புதிதாக வரும் எந்தத் தள்ளாட்டக்காரரிடமும், தாத்தா எந்தத் தோட்டம், எந்தக் கங்காணியோடு வந்தவர் என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

அந்தக் குடும்பத்தில் இன்னொருவன் இருக்கிறான், நோயுற்றவனின் தம்பி. சோதனை வேண்டாம் என்றான். தமக்கைக்கு நல்லபடி வந்தபின் தாயார் அவனை வற்புறுத்தினார். அவளுக்கு வராதது இவனுக்கு வரும் வாய்ப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, பாதிக்குப் பாதி அப்படியே நிற்கிறது என்று நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். தகப்பன் வழி என்பதால், வந்திருந்தால் ஐம்பத்தொன்றுக்கு மேலாகவே இருக்கக்கூடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் கேட்டான், நான் சொன்னேன். அதன் பின்னும் வேண்டாம் என்றான். வருஷத்துக்கொரு முறை வந்து, குதிகாலோடு கட்டைவிரலை ஒட்டிப் பத்தடி நடந்து காட்டி, என் பேனாவைக் கண்ணால் தொடர்ந்துவிட்டுப் போவான். அவனுடைய சதுரத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். நான் ஓய்வு பெற்றபோது அந்தக் கோப்பை என்னிடமிருந்து ஏற்றுக்கொண்ட பெண் டாக்டரிடம் நேரில் சொன்னதோடு, முதல் பக்கத்தின் மேலேயும் எழுதி வைத்தேன்: இவருக்கு வேறு எந்தக் காரணத்துக்காக ரத்தம் எடுத்தாலும், இவர் வாயால் கேட்காதவரை, இந்த ஒரு மரபணுவுக்கு அதை அனுப்ப வேண்டாம்.